பலகையில் உருளும் இரும்பு ரவுண்ட்: கீழே வரும் வேகத்தைக் கணக்குப் போட்டு, அளந்தும் பார்ப்பது எப்படி

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தை வெட்டித் துண்டு போட்டதும், ஆட்கள் முதலில் கட்டைக்குக் கீழே ஒரு முட்டுக்கல் வைப்பார்கள். முட்டு இல்லாத கட்டை சரிவில் மெல்லத்தான் கிளம்பும். நாலைந்து சுற்றுக்குள் ஆள் ஓடிப் பிடிக்க முடியாத வேகம் வந்துவிடும். அந்த வேகம் எவ்வளவு என்று கட்டையின் எடை தெரியாமலே, பருமன் தெரியாமலே சொல்லிவிடலாம். எத்தனை மீட்டர் கீழே இறங்கியது என்பது ஒன்று தெரிந்தால் போதும்.

கன்னங்குறிச்சியில் வீட்டில் வைத்து 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். இந்தச் சூத்திரத்தை அவர்கள் மூன்று வரியில் வருவித்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு பலகையைச் சாய்த்து உண்மையிலேயே உருட்டி அளந்தவர்கள் மிகக் குறைவு. அளந்தவர்களில் பாதிப் பேருக்கு விடை சரியாகப் பாதியாக வருகிறது. அது ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம். இந்தக் கணக்கு புதிதாக இருப்பவர்களுக்காக, கணக்கையும் பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே எழுதுகிறேன்.

வேண்டிய பொருட்கள்

ஒரு லேத் பட்டறையில் 50 மி.மீ. விட்டமுள்ள எம்.எஸ். ரவுண்டில், அதாவது உள்ளே துளை இல்லாத வட்டமான இரும்புக் கம்பியில், 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு கேளுங்கள். சேலத்தில் இது சுலபம், கழிவுத் துண்டுகளிலேயே கிடைத்துவிடும். இரண்டு முனையையும் பேசிங் போட்டுத் தட்டையாக்கி, விளிம்பில் பிசிறு இல்லாமல் லேசாகத் தட்டித் தரச் சொல்லுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிசிறு இருந்தால் அது பலகையைக் கீறிக்கொண்டே வரும், துண்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். இந்த அளவுத் துண்டு சுமார் 1.54 கிலோ இருக்கும்.

அப்புறம் 6 அடி நீளப் பலகை. 18 மி.மீ. பிளைவுட் நல்லது. மெல்லிய பலகை ரவுண்டின் எடைக்கே நடுவில் தொய்யும், அதனால் நடுவிலும் ஒரு செங்கல் கொடுங்கள். கீழ் முனைக்கு அப்பால் நாலாக மடித்த கோணிச்சாக்கு ஒன்று வேண்டும். ஒன்றரைக் கிலோ இரும்பு வேகமாக வந்து சுவரிலோ காலிலோ மோதக் கூடாது. ரசமட்டம், அளவு நாடா, சாக்பீஸ், ஸ்லோ மோஷன் எடுக்கும் கைப்பேசி. இவ்வளவுதான்.

பலகையின் மேல் பக்கத்தில் ஒரு கோடும் அதிலிருந்து பலகையின் மீதே 1.5 மீட்டர் தள்ளி இன்னொரு கோடும் போடுங்கள். மேல் கோடு கீழ்க் கோட்டைவிட 15 செ.மீ. உயரத்தில் இருக்குமாறு செங்கல் வைத்துச் சாயுங்கள். பலகையின் குறுக்கே ரசமட்டம் வைத்து, இடம் வலம் சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குறுக்கே சாய்ந்திருந்தால் ரவுண்ட் பாதியிலேயே ஓரம் கட்டிவிடும்.

முதலில் கணக்கு

மேல் கோட்டில் ரவுண்ட் ஓய்வில் இருக்கிறது. கீழ்க் கோட்டுக்கு வரும்போது அதன் நிறை மையம் h உயரம் இறங்கியிருக்கும். இறங்கியதால் இழந்த நிலை ஆற்றல் mgh. அது எங்கே போனது என்பதுதான் கேள்வி.

ஒரு பெட்டி உராய்வே இல்லாமல் சறுக்கி வந்தால், எல்லாம் முன்னோக்கி நகரும் இயக்க ஆற்றலாகப் போய்விடும். ஆனால் உருளை நகர்ந்துகொண்டே சுற்றவும் செய்கிறது. சுற்றுவதற்கும் ஆற்றல் வேண்டும். அதையும் அந்த mgh-இலிருந்தேதான் எடுக்க வேண்டும். ஆகவே:

mgh = ½mv² + ½Iω²

இதில் m ரவுண்டின் நிறை, g புவியீர்ப்பு முடுக்கம், v மையம் நகரும் வேகம், ω சுற்றும் வேகம், I நிலைமத் திருப்புத்திறன். நேராக ஒரு பொருளைத் தள்ளும்போது நிறை முரண்டு பிடிப்பதுபோல, சுற்றிவிடும்போது முரண்டு பிடிப்பது இது. நிறை எவ்வளவு என்பதோடு, அந்த நிறை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் இதில் சேரும். ஒவ்வொரு துகளுக்கும் நிறையை அச்சிலிருந்து அதன் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும்.

r ஆரமுள்ள திண்ம உருளைக்கு I = ½mr² என்று புத்தகத்தில் தொகையீடு போட்டுக் காட்டியிருக்கும். அந்த ½ எங்கிருந்து வருகிறது என்பதைத் தொகையீடு இல்லாமலே பார்த்துவிடலாம். ரவுண்டின் வட்ட முகத்தைப் பாருங்கள். மையத்திலிருந்து d தூரத்துக்குள் இருக்கும் பரப்பு πd². அதாவது d²-க்கு நேர் விகிதத்தில் பரப்பு கூடுகிறது, பரப்போடு நிறையும் கூடுகிறது. அப்படியென்றால் d²-இன் மதிப்புகள் 0-இலிருந்து r² வரை நிறையின்மீது ஒரே சீராகப் பரவியிருக்கின்றன. சீராகப் பரவிய எண்களின் சராசரி நடுவில்தான் இருக்கும்: r²/2. அதை m-ஆல் பெருக்கினால் ½mr². எனக்கு இந்த வழி மிகவும் பிடிக்கும், ஏனென்றால் உருளை நீளமாக இருந்தாலும் குட்டையாக இருந்தாலும் இந்த ½ ஏன் மாறுவதில்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது. நீளம் எங்கும் நுழையவே இல்லை.

அடுத்தது நழுவாமல் உருளுதல் என்ற நிபந்தனை. ரவுண்ட் ஒரு முழுச் சுற்று சுற்றினால் மையம் சரியாக ஒரு சுற்றளவு தூரம், 2πr, நகர வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதையே வேகத்தில் எழுதினால் v = rω, அதாவது ω = v/r. இப்போது சுழற்சி ஆற்றலில் போடுங்கள்:

½Iω² = ½ × ½mr² × v²/r² = ¼mv²

மேலும் கீழும் r² அடிபட்டுவிட்டது. ஆக,

mgh = ½mv² + ¼mv² = ¾mv²

இருபுறமும் m அடிபடுகிறது. மிஞ்சுவது:

v = √(4gh/3)

நம் பலகைக்கு g = 9.8, h = 0.15 போட்டால், 4 × 9.8 × 0.15 = 5.88. மூன்றால் வகுத்தால் 1.96. வர்க்கமூலம் 1.4. கீழ்க் கோட்டைத் தாண்டும்போது ரவுண்டின் வேகம் நொடிக்கு 1.4 மீட்டர். விடை சுத்தமாக வரட்டும் என்பதற்காகத்தான் 15 செ.மீ. சொன்னேன்.

சறுக்கி வரும் பெட்டிக்கு √(2gh), அதாவது 1.71 வந்திருக்கும். சுற்றுவதற்குக் கொடுத்த பங்கால்தான் 1.71 இருக்க வேண்டிய இடத்தில் 1.4 வருகிறது. நம் ரவுண்டுக்கு எண்ணைப் போட்டால் இழந்த நிலை ஆற்றல் 2.26 ஜூல். அதில் 1.51 ஜூல் நகர்வதற்கு, 0.75 ஜூல் சுற்றுவதற்கு. எந்தத் திண்ம உருளை நழுவாமல் உருண்டாலும் இந்தப் பங்கு இரண்டுக்கு ஒன்றுதான்.

உராய்வைக் கணக்கில் ஏன் கழிக்கவில்லை?

புதிதாகப் படிக்கிற எல்லாரும் இங்கே நின்றுவிடுகிறார்கள். "உராய்வு இருந்தால்தானே உருளும், அப்புறம் உராய்வு தின்ற ஆற்றல் எங்கே, சார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

ரவுண்டின் முகத்தில், விளிம்பை ஒட்டி, சாக்பீஸால் ஒரு பொட்டு வைத்து மெதுவாக உருட்டுங்கள். ஸ்லோ மோஷனில் அந்தப் பொட்டை மட்டும் கவனியுங்கள். மேலே வரும்போது மையத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பாயும். கீழே இறங்கிப் பலகையைத் தொடும் கணத்தில் அப்படியே நின்று, பிறகு மேலே ஏறும். தொடும் இடத்தில் பின்னோக்கிச் சுற்றும் வேகமும் முன்னோக்கி நகரும் வேகமும் ஒன்றை ஒன்று அடித்துவிடுகின்றன. உராய்வு விசை செயல்படும் புள்ளி அந்தக் கணத்தில் நகரவே இல்லை. நகராத புள்ளியில் விசை வேலை செய்யாது. எனவே நழுவாத வரை உராய்வு ஒரு துளி ஆற்றலைக்கூட வெப்பமாக்குவதில்லை.

அது செய்வது பங்கு பிரிப்பு மட்டும்தான். மையத்தைப் பின்னால் இழுத்து நகர்வைக் குறைக்கிறது, அதே இழுப்பால் ரவுண்டைச் சுற்றிவிடுகிறது. ஒரு பக்கம் எடுத்ததை மறுபக்கம் அப்படியே கொடுத்துவிடுகிறது. சரிவு இழுக்கும் விசையில் சரியாக மூன்றில் ஒரு பங்கு உராய்வாக வருகிறது, மிச்சம் மூன்றில் இரண்டு பங்கு முடுக்கமாகிறது: a = (2/3) g sinθ. θ என்பது சரிவின் கோணம். நம் பலகையில் sinθ என்பது 15/150, அதாவது 0.1. முடுக்கம் 0.653 மீ/நொ².

உருட்டி அளப்பது

ரவுண்டை மேல் கோட்டில் வைத்து, அதன் முன்னால் ஒரு ஸ்கேலை நிறுத்திப் பிடியுங்கள். விரலால் பிடித்துவிட்டால் விடும்போது தெரியாமல் ஒரு தள்ளு விழும். ஸ்கேலைச் சரிவின் கீழ்ப்பக்கமாக, சட்டென்று விலக்குங்கள். மேலே தூக்கினால் ரவுண்டை உரசிக்கொண்டு போகும், அது ஒரு சுற்று கொடுத்துவிடும். கைப்பேசி இரண்டு கோடும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில், நகராமல் நிற்கட்டும். நொடிக்கு 240 சட்டம், அதாவது 240 படம், எடுக்கும் ஸ்லோ மோஷன் இருந்தால் மிகவும் நல்லது. ரவுண்ட் அசையத் தொடங்கிய சட்டத்திலிருந்து கீழ்க் கோட்டைத் தொட்ட சட்டம் வரை எண்ணி 240-ஆல் வகுத்தால் நேரம். தொடக்கச் சட்டம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், முதல் பத்தில் ஒரு பங்கு நொடியில் ரவுண்ட் 3 மி.மீ.தான் நகர்கிறது. ஐந்து தடவை உருட்டிச் சராசரி எடுத்தால் போதும்.

ஸ்டாப்வாட்ச் வைத்தும் செய்யலாம், ஆனால் விரல் தாமதம் சுலபமாக 0.15 நொடி வரும். இரண்டு நொடி ஓட்டத்தில் அது 7 சதவீதம். நாம் தேடும் வித்தியாசங்கள் அதைவிடச் சிறியவை.

சரி, நேரம் கிட்டத்தட்ட 2.14 நொடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் அந்தப் "பாதி" விடை வருகிறது. 1.5 மீட்டரை 2.14-ஆல் வகுக்கிறார்கள்: 0.70. சூத்திரம் 1.4 சொன்னதே, சரியாகப் பாதியாகிவிட்டதே என்று குழம்பி, சூத்திரத்தில் எங்கோ ½ விட்டுப்போனது என்று தேட ஆரம்பிக்கிறார்கள். சூத்திரத்தில் பிழை இல்லை. 0.70 என்பது வழி முழுவதுக்குமான சராசரி வேகம். ரவுண்ட் பூச்சியத்தில் தொடங்கிச் சீராக வேகம் கூடிக்கொண்டே வருகிறது. அப்படி வரும் ஒன்றின் சராசரி, கடைசி வேகத்தில் பாதிதான். ஆற்றல் கணக்கு கொடுத்தது கடைசி வேகம், அதாவது கீழ்க் கோட்டைத் தாண்டும் அந்தக் கணத்து வேகம். எனவே s தூரத்தையும் அளந்த t நேரத்தையும் வைத்து:

v = 2s/t = 2 × 1.5 / 2.14 = 1.40

இன்னொன்று, ரவுண்ட் பலகையிலிருந்து தரையில் இறங்கிய பிறகு வேகத்தை அளக்க வேண்டாம். பலகை முனையில் தரை சட்டென்று திரும்புகிறது, அங்கே ஒரு தட்டு விழும். அந்தத் தட்டில் கொஞ்சம் ஆற்றல் போய்விடும். அதனால்தான் கீழ்க் கோட்டைப் பலகை முனைக்கு முன்பே போட்டோம்.

அளந்தது கணக்கோடு ஒட்டாவிட்டால்

என் பலகையில் வழக்கமாக 2.17 நொடிக்கும் 2.20 நொடிக்கும் நடுவில்தான் வரும். வேகமாக மாற்றினால் 1.36 முதல் 1.38 வரை. 1.4-ஐவிடக் கொஞ்சம் குறைவு. இப்படிக் குறைவாக வருவது இயல்பு. பலகை ரவுண்டின் கீழே மிக நுண்ணிய அளவு அமுங்கி எழுகிறது, அதில் கொஞ்சம் ஆற்றல் போகிறது. பலகைக்கு மேலே ரெக்சினோ துணியோ விரித்தால் இந்த இழப்பு கண்ணுக்கே தெரியும் அளவுக்குக் கூடிவிடும். குறைவு ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் பிசிறையும் பலகையின் தொய்வையும் பாருங்கள்.

அளந்த வேகம் கணக்கைவிடக் கூடுதலாக வந்தால்தான் கவலைப்பட வேண்டும். இது ஒருமுறை என்னை ஒரு மாலை முழுவதும் அலைக்கழித்தது.

வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று பலகையை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். மேல் கோடு தரையிலிருந்து 17 செ.மீ., கீழ்க் கோடு 2 செ.மீ. வித்தியாசம் 15, எல்லாம் சரி. உருட்டினால் 2.09 நொடி, 2.08, மறுபடி 2.09. வேகம் 1.43-ஐத் தாண்டுகிறது. சூத்திரம் அனுமதிக்கும் உச்சம் 1.40. இழப்பு எதுவும் வேகத்தைக் குறைக்கத்தான் செய்யும், கூட்டாது. நானோ தள்ளவில்லை.

நழுவுகிறதோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். நழுவினால் வேகம் கூடத்தான் செய்யும், அதைக் கீழே சொல்கிறேன். சந்தேகத்தைத் தீர்க்க ஒரு நேரடிச் சோதனை இருக்கிறது. ரவுண்டின் சுற்றளவு 3.14 × 5 = 15.7 செ.மீ. 150 செ.மீ. தூரத்துக்கு நழுவாமல் வந்தால் சாக்பீஸ் பொட்டு ஒன்பதரைச் சுற்று சுற்றியிருக்க வேண்டும். மேலே புறப்படும்போது பொட்டு கீழே இருந்தால், கீழ்க் கோட்டில் மேலே இருக்கும். நழுவினால் சுற்று குறையும். வீடியோவை மெதுவாக ஓட்டி எண்ணினேன். ஒன்பதரை. ஒரு கால் சுற்றுகூடக் குறையவில்லை. நழுவவில்லை என்பது உறுதியானது.

உருண்டது சரி, நேரம் சரி, நீளம் சரி. மிஞ்சியது h மட்டும். அப்போதுதான் உறைத்தது, மொட்டை மாடித் தளத்தை மழைநீர் வடிவதற்காகக் கொத்தனார் சரிவாகத்தான் போட்டிருப்பார். நான் அந்தச் சரிந்த தளத்திலிருந்து உயரத்தை அளந்திருக்கிறேன். பலகை கிடந்த திசையில் தளமே ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை செ.மீ. இறங்கியிருந்தது. உண்மையான h 16.5 செ.மீ. சூத்திரத்தில் போட்டால் 1.47. அதில் இயல்பான சிறு குறைவைக் கழித்ததும், அளந்த வேகத்தோடு சரியாக உட்கார்ந்துவிட்டது.

அன்றிலிருந்து உயர வித்தியாசத்தைத் தரையை நம்பி அளப்பதில்லை. கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய டியூபை இரண்டு கோட்டுக்கும் பக்கத்தில் பிடித்தால், இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து ஒவ்வொரு கோடும் எவ்வளவு கீழே என்று அளந்து கழித்தால் h கிடைக்கும். வேகம் h-இன் வர்க்கமூலத்தோடு போகிறது, எனவே h-இல் 10 சதவீதப் பிழை வேகத்தில் 5 சதவீதமாகத்தான் தெரியும். சிறியதாகத் தெரிவதால்தான் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது.

எப்போது நழுவும்?

நழுவாமல் உருளத் தேவையான உராய்வு, சரிவு இழுக்கும் விசையில் மூன்றில் ஒரு பங்கு என்று பார்த்தோம். பலகை தரக்கூடிய உராய்வுக்கு ஓர் உச்சம் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டால், நழுவத் தொடங்கும் எல்லை tanθ = 3μ என்று வரும். μ என்பது ஓய்வுநிலை உராய்வுக் குணகம்.

இதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். ரவுண்டைத் தட்டையான முகத்தில் நிமிர்த்திப் பலகைமேல் நிற்க வைத்துப் பலகையை மெல்லத் தூக்குங்கள். அது சறுக்கத் தொடங்கும் இடத்தில், தரையில் 100 செ.மீ. கிடைத்தூரத்துக்குப் பலகை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 30 செ.மீ. என்றால் μ = 0.3. அதே ரவுண்டைப் படுக்க வைத்து உருட்டினால், 100-க்கு 90 செ.மீ. உயரம் வரை நழுவாது. சறுக்கும் சரிவைப்போல மூன்று மடங்கு. ஆனால் நிமிர்த்தி வைத்த துண்டு 100-க்கு 50-ஐத் தாண்டினால் கவிழ்ந்துவிடும், ஏனென்றால் அதன் உயரம் விட்டத்தைப்போல இரண்டு மடங்கு. அதற்குள் சறுக்காவிட்டால் 50 மி.மீ.க்கும் குறைந்த நீளமுள்ள துண்டை வைத்துப் பாருங்கள்.

நம் பலகையில் சரிவு 100-க்கு 10தான். நழுவ வேண்டுமானால் μ 0.033-க்கும் கீழே போக வேண்டும், லேத் எண்ணெய் ஒட்டியிருந்தால்கூட அவ்வளவு குறையாது. ஆகவே இந்தச் சரிவில் கணக்கு ஒட்டாதபோதெல்லாம் "நழுவிவிட்டது" என்று எழுதிவைப்பது பெரும்பாலும் தவறு. செங்குத்தான சரிவில்தான் அந்தக் காரணம் பொருந்தும். அங்கே பலகையால் தேவையான உராய்வைத் தர முடிவதில்லை. மையத்தைப் பின்னால் இழுக்கும் கை பலவீனமாகிவிடுகிறது, அதனால் மையம் (2/3) g sinθ-ஐவிட வேகமாக முடுக்கமடைகிறது. சுற்றுக்குப் போக வேண்டிய பங்கு முழுவதும் போவதில்லை, ஒரு பகுதி தேய்ப்பில் வெப்பமாகிறது. v = rω என்ற வரியே பொய்யாகிவிடுவதால், அதன்மேல் கட்டிய √(4gh/3) அங்கே செல்லாது.

எடை, பருமன், உள்ளே என்ன இருக்கிறது

m-உம் r-உம் சூத்திரத்தில் இல்லை என்பதை நம்ப ஒரு வழிதான், 25 மி.மீ. ரவுண்ட் ஒன்றையும் வாங்கிப் பக்கத்தில் வைத்து ஒரே ஸ்கேலால் விடுங்கள். இரண்டும் சேர்ந்தே வரும். சிறியது இரு மடங்கு சுற்று சுற்றும், அவ்வளவுதான்.

அடுத்து அதே பலகையில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டையும் ரவுண்டையும் சேர்த்து விடுங்கள். மெல்லிய சுவருள்ள குழாயில் நிறை முழுவதும் விளிம்பில்தான் இருக்கிறது, I = mr². சுற்றும் பங்கும் நகரும் பங்கும் சமமாகிவிடும், வேகம் √(gh), அதாவது 1.21. ரவுண்ட் கீழ்க் கோட்டைத் தொடும்போது அப்படிப்பட்ட குழாய் 37 செ.மீ. பின்தங்கியிருக்கும். கடையில் கிடைக்கும் 2 அங்குலக் குழாய்க்குச் சுவர் கொஞ்சம் தடிமன், அதனால் 30 செ.மீ. பக்கம் வரும். முதன்முறை இதைப் பார்க்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதற்காகவே இதை ஒவ்வொரு வருடமும் செய்கிறேன்.

திண்மம் என்ற சொல்லையும் சும்மா விட வேண்டாம். ஒரு வட்ட டின்னில் ஜவ்வரிசியை மூடி அழுந்தும் அளவுக்கு நிரப்பி உருட்டுங்கள். ஏறத்தாழத் திண்ம உருளைபோலவே வரும், டின்னின் தகடு விளிம்பில் இருப்பதால் மட்டும் கொஞ்சம் பின்தங்கும். பாதி கொட்டிவிட்டு உருட்டினால் உள்ளே ஜவ்வரிசி புரண்டு புரண்டு ஆற்றலைத் தின்றுவிடும், டின் சோர்ந்துபோய் வரும். அதே டின்னில் தண்ணீர் நிரப்பினால் ரவுண்டையே முந்திவிடும். தண்ணீர் டின்னோடு சேர்ந்து சுற்றுவதில்லை, நகர மட்டுமே செய்கிறது. சுற்றுவதற்கான பங்கைத் தகடு மட்டும் வாங்கிக்கொள்கிறது. நம் சூத்திரத்திலுள்ள ½, உள்ளிருக்கும் நிறை முழுவதும் ஒரே கட்டியாகச் சுற்றும்போது மட்டும்தான் செல்லும்.

மறுபடி ஏற்காட்டுக் கட்டை

√(4gh/3)-இல் g-ஐப் போட்டு, மீட்டரையும் நொடியையும் கிலோமீட்டர், மணி என்று மாற்றினால் மனக்கணக்காகவே ஒரு வடிவம் கிடைக்கிறது: வேகம் மணிக்கு 13√h கி.மீ., h மீட்டரில். மலைமேல் g கொஞ்சம் குறையுமே என்று கேட்பார்கள். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் அது மூன்றாவது தசம இடத்தில்தான் மாறும், இந்தக் கணக்கைத் தொடாது.

கட்டை 2 மீட்டர் இறங்கினால் மணிக்கு 18 கி.மீ. 4 மீட்டர் இறங்கினால் 26. 9 மீட்டர் இறங்கினால் 39. இந்தக் கடைசி எண்ணில், முந்நூறு கிலோ கட்டையும் முப்பது கிலோ கட்டையும் ஒரே வேகம்தான், மோதும்போது தெரியும் வித்தியாசம் வேறு. சருகு மூடிய பொதபொதத்த மண்ணில் வேகம் இதைவிடக் குறையும், கல்லில் துள்ளினாலும் ஒவ்வொரு மோதலிலும் குறையும். ஈரப் பட்டையோடு செங்குத்தான சரிவில் நழுவினால் 13√h-ஐத் தாண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மரக்கட்டை லேத்தில் கடைந்த ரவுண்ட் அல்ல, அடிப்பக்கம் பெருத்தும் நுனிப்பக்கம் சிறுத்தும் இருக்கும். ஒரே சுற்றுக்குப் பெருத்த முனை அதிக தூரம் போகிறது, சிறுத்த முனை குறைவாகப் போகிறது. எனவே கட்டை நேர்கீழாகப் போகாமல் சிறுத்த முனையின் பக்கமாக வளைந்துகொண்டே இறங்கும். முட்டுக்கல்லை எடுக்கிறவர் கீழே நிற்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். சிறுத்த முனைப் பக்கத்துக் கீழ்ச்சரிவில் வேறு யாரும் நிற்கிறார்களா என்றும் பார்த்துவிட்டு, கட்டைக்கு மேல்பக்கத்தில் நின்று எடுக்க வேண்டும்.